கோப்பெருஞ்சிங்கனுக்குப் பிராமி எழுத்து பொருந்துமா?

"கடலூரில் எங்கள் பகுதி வரலாற்றுக்கு ஒரு சிறிய காட்சிக்கூடம் அமைக்கிறோம். கோப்பெருஞ்சிங்கனைப் பற்றிய திருவந்திபுரம் கல்வெட்டுக்கு ஒரு பலகை, அரிக்கமேட்டுப் பானை ஓடுகளுக்கு ஒரு பலகை. தலைப்புகள் பழைய கல்வெட்டு எழுத்தைப் போலத் தெரிய வேண்டும். அச்சகத்தில் 'தமிழ் பிராமி' என்று ஒரு ஃபாண்ட் கொடுத்தார்கள். இரண்டு பலகைக்கும் அதையே போடலாமா? வேறு நல்ல எழுத்துரு உண்டா?"

அரிக்கமேட்டுப் பலகைக்குப் போடலாம், சில நிபந்தனைகளோடு. திருவந்திபுரம் பலகைக்குப் போடவே கூடாது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் கிடக்கின்றன. அரிக்கமேட்டு ஓடுகளில் கீறப்பட்ட எழுத்து பொது ஆண்டின் தொடக்கத்தை ஒட்டியது. திருவந்திபுரம் கல்வெட்டோ மூன்றாம் இராசராசனின் 16-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1231-32. சோழ மன்னனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததும், போசள மன்னன் நரசிம்மன் தன் தண்டநாயகர்களான அப்பண்ணனையும் சமுத்திர கொப்பையனையும் அனுப்பி அவனை மீட்டதும் அதில் சொல்லப்படுகின்றன. அந்தக் காலத்தில் பிராமி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அசோகனின் பிராமியை ஜேம்ஸ் பிரின்செப் மீண்டும் படித்துக் காட்டியது 1837-இல்தான். கோப்பெருஞ்சிங்கன் பெயரைப் பிராமியில் எழுதி மாட்டினால் அந்தப் பெயருக்கு உரியவனாலேயே அதைப் படித்திருக்க முடியாது. 'பழசாகத் தெரிகிறது' என்பதற்காக இப்படிச் செய்வதை நம் பக்கத்துக் கோயில் விழா அழைப்பிதழ் வரை பார்க்கிறேன். அழைப்பிதழில் போனால் போகிறது. காட்சிக்கூடத்தில் ஒரு பள்ளிப் பிள்ளை அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு போகும்.

நான் எழுத்து வடிவமைப்பும் காட்சிப் பலகையும் செய்கிறவன். கல்வெட்டின் மேல் தாளை அழுத்தி மை தடவி எடுக்கும் மைப்படிகளைப் பார்த்து எழுத்தை வரைந்து பழகியவன், கல்வெட்டறிஞன் அல்லன். எழுத்தின் தோற்றம், தட்டச்சு, அச்சு ஆகியவற்றில் நான் சொல்வதை நம்பலாம். கல்லில் உள்ள பாடம் இன்னது என்று முடிவு செய்ய வேண்டிய இடங்களில் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் திருவந்திபுரத்தை எடுத்துக்கொள்கிறேன், சிக்கல் அங்கேதான் அதிகம். 13-ஆம் நூற்றாண்டில் நம் பகுதிக் கோயில் சுவர்களில் வெட்டியது தமிழ் எழுத்துத்தான். வட்டெழுத்து தெற்கே பாண்டிய நாட்டிலும் மேற்கே சேர நாட்டிலும் வழங்கியது, இங்கே அதற்கு வேலை இல்லை. அன்றைய தமிழ் எழுத்து இன்றைய எழுத்துக்கு வெகு அருகில் வந்துவிட்டது. கொஞ்சம் கண் பழகினால் உங்கள் பார்வையாளரே ப, ட, க, ம போன்ற எழுத்துகளை இனம் காணத் தொடங்கிவிடுவார். பிராமியைப் போட்டால் இந்த வாய்ப்பு முழுவதும் போய்விடும்.

இந்த எழுத்துக்கு யூனிகோடில் தனி இடம் கிடையாது. சோழர் காலத் தமிழும் இன்றைய தமிழும் ஒரே எழுத்துமுறை, தோற்றம்தான் வேறு என்று கொண்டு இரண்டையும் ஒரே குறியீட்டு எண்களில் வைத்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் வழக்கம்போலத் தமிழில் தட்டச்சு செய்து, ஃபாண்டை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றும். உண்மையில் போதாது. 'சோழர் எழுத்துரு' என்று யாராவது கொடுத்தால், எந்தக் கல்லை மாதிரியாக வைத்து வரைந்தது என்று முதலில் கேளுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் என்று பதில் வந்தால், அந்தக் கோயில் குடமுழுக்கு 1010-இல் நடந்தது, உங்கள் கல்லுக்கு 220 ஆண்டு முந்தியது. பதிலே வராவிட்டால் அந்த ஃபாண்டை விட்டுவிடுங்கள்.

ஃபாண்டின் தோற்றத்தைவிடப் பெரிய இடறல் எழுத்துக்கூட்டு. அக்காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் வைப்பதில்லை. எ, ஏ இரண்டுக்கும் ஒரே கொம்பு, ஒ, ஓ இரண்டுக்கும் ஒரே வடிவம். இன்று நாம் எழுதும் இரட்டைச் சுழிக் கொம்பு வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகு வந்தது. துணைக்காலும் ரகரமும் ஒரே தோற்றம். சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை, காற்புள்ளி முற்றுப்புள்ளியும் இல்லை. நீங்கள் நூலில் பார்க்கும் பாடத்தில் இவையெல்லாம் ஒழுங்காக இருக்கும், படிப்பவர் வசதிக்காகப் பதிப்பாசிரியர் சேர்த்தவை அவை. அந்தப் பாடத்தை அப்படியே எடுத்துப் பழைய வடிவ ஃபாண்டில் ஓட்டினால், 13-ஆம் நூற்றாண்டு எழுத்தின் தலையில் 18-ஆம் நூற்றாண்டுக் கொம்பு உட்கார்ந்திருக்கும். தெரிந்தவர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்.

உங்கள் தலைப்பையே செய்து பார்ப்போம். கல்வெட்டில் வரும் இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்கிறேன். மேல் வரி நாம் எழுதுவது, கீழ் வரி கல்லின் எழுத்துக்கூட்டு முறைக்குத் திருப்பியது.

```
கோப்பெருஞ்சிங்கன்   சேந்தமங்கலம்
கொபபெருஞசிஙகனசெநதமஙகலம
```

புள்ளி போயிற்று, நெடில் கொம்பு குறில் கொம்பாயிற்று, இடைவெளி மறைந்தது. இன்னும் ஒன்று மிச்சம்: 'கொ'வில் உள்ள துணைக்கால் ரகரம் போலத் தெரிய வேண்டும். அதற்காகத் தட்டச்சில் ரகரத்தையே போட்டுவிடாதீர்கள். கோப்பில் துணைக்கால் துணைக்காலாகவே இருக்கட்டும், வடிவத்தை மட்டும் ஃபாண்டோ ஓவியமோ பார்த்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் நாளைக்கு அந்தக் கோப்பை எடுக்கிறவர் 'கெர' என்று படித்து, அப்படியே வேறெங்காவது ஏற்றிவிடுவார். கீழ் வரியை இறுதி என்றும் கொள்ள வேண்டாம், பொது வழக்கத்தை வைத்து நான் திருப்பியது அது. உங்கள் கல்லில் ஓரிடத்தில் புள்ளி இருக்கலாம், ஒரு மெய் விடுபட்டிருக்கலாம். அதை மைப்படியோடு ஒப்பிட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும்.

மைப்படியைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், தலைப்புக்கு ஃபாண்டே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த இரண்டு பெயருக்கும் தேவையான வடிவங்களை எண்ணிப் பாருங்கள்: க, ங, ச, ஞ, த, ந, ப, ம, ல, ன ஆகிய பத்து எழுத்துகள், ரு, சி என்ற இரண்டு, கொம்பும் காலும். மொத்தம் 14. பதினான்கு வடிவத்தை வரைய நல்ல ஓவியருக்கு இரண்டு நாள் வேலை. அதன் பிறகு உங்கள் பலகையில் இருப்பது எங்கோ யாரோ வரைந்த பொதுவான 'பழைய எழுத்து' அல்ல, திருவந்திபுரத்துக் கல்தச்சர் வெட்டிய எழுத்தே.

வரையும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. மைப்படியில் தாள் பள்ளத்துக்குள் அழுந்திவிடும், மை மேற்பரப்பில் மட்டுமே படியும். அதனால் எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் வரும். கேமராவை நேர் எதிரே வைத்து, ஓர் அளவுகோலும் படத்தில் விழும்படி எடுங்கள், சாய்வாக எடுத்தால் எழுத்தின் உயர அகலம் மாறிவிடும். கணினியில் தானாகக் கோடிழுக்கும் வசதியை நம்ப வேண்டாம். கல்லின் பொத்தல், உளி தவறிய கீறல், தாளின் சுருக்கம் எல்லாவற்றையும் அது எழுத்தின் பகுதி என்று எடுத்துக்கொள்ளும். நான் செய்வது இதுதான்: இங்க்ஸ்கேப்பில் படத்தைக் கீழே வைத்து, வெட்டின் நடுக்கோட்டை மட்டும் பேனாக் கருவியால் இழுப்பேன். பிறகு வெட்டின் அகலத்தை நாலைந்து இடங்களில் அளந்து, சராசரியைக் கோட்டின் தடிப்பாகக் கொடுத்து, முனைகளை உருண்டையாக்குவேன். ஓர் எழுத்து கல்லில் பல இடங்களில் வந்தால் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிகத் தெளிவாக உள்ள ஒன்றைத் தேர்ந்து வரையுங்கள், நான்கையும் கலந்து ஐந்தாவது ஒன்றை உண்டாக்காதீர்கள். எங்குமே தெளிவாக இல்லாத எழுத்தை அதே காலத்து, அதே வட்டாரத்து வேறு கல்வெட்டிலிருந்து எடுக்கலாம். அப்படி எடுத்ததைப் பலகையின் அடிக்குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பலகையில் ஆட்சியாண்டை எண்ணாகப் போட நினைத்தால் இதையும் பாருங்கள். பழைய முறையில் பதினாறு என்பது ௰௬, அதாவது பத்துக்குரிய குறியும் ஆறும். ௧௬ என்று எழுதுவது இன்றைய இடமதிப்பு முறையைப் பழைய குறிகளில் போர்த்துவது. ௰ என்ற குறி யூனிகோடில் U+0BF0 என்ற எண்ணில் இருக்கிறது, பெரும்பாலான தமிழ் ஃபாண்டுகளில் கிடைக்கும். மா, காணி, முந்திரி போன்ற நில அளவுப் பின்னக் குறிகள் தேவைப்பட்டால் அவை 2019-இல் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டவை, Noto Sans Tamil Supplement என்ற ஃபாண்டில் இருக்கின்றன. கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' பெரும்பாலும் கிரந்த எழுத்து, அதில் மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அதைத் தமிழ் ஃபாண்டில் புள்ளி வைத்து எழுதினால் அந்தத் தோற்றம் வராது. கல்லில் உள்ளபடி வரைந்துவிடுவது நல்லது.

இனி அரிக்கமேடு. இங்கே பிராமி பொருத்தம்தான், ஆனால் பலகையின் தலைப்பாக 'அரிக்கமேடு' என்ற பெயரைப் பிராமியில் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது அந்த மேட்டுக்கு இன்று வழங்கும் பெயர். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த ஓடுகளில் அந்தப் பெயர் எழுதியிருந்ததாக உங்கள் பார்வையாளர் எண்ணிக்கொள்வார். ஓட்டில் உண்மையாகவே உள்ள சில எழுத்துகளைக் கோட்டோவியமாகப் பெரிதாக்கி வைத்தால் அதுவே தலைப்பின் வேலையைச் செய்யும். ஓட்டு எழுத்து வீட்டுக்காரரோ வணிகரோ சுட்ட பானையில் கூர்முனையால் கீறியது. கோடு நடுங்கும், ஓரிடத்தில் வழுக்கும், எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்கா. ஃபாண்டில் எல்லா வட்டமும் வட்டமாக, எல்லாக் கோடும் ஒரே தடிப்பாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு உடனே தெரியும்.

பிராமி ஃபாண்ட் உதவுவது வேறோர் இடத்தில்: அகரவரிசை அட்டவணை, 'உங்கள் பெயரைப் பழந்தமிழில் எழுதிப் பாருங்கள்' போன்ற பிள்ளைகளுக்கான பகுதி. அதற்கு அச்சகம் கொடுத்த ஃபாண்ட் எப்படிப்பட்டது என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. அதில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து, நகலெடுத்து, உலாவியின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். சாதாரணத் தமிழாக மாறினால், தமிழ்க் குறியீட்டு எண்களின் மேல் பிராமிப் படத்தை ஒட்டிய ஃபாண்ட் அது. ஆங்கில எழுத்துகளாக மாறினால் யூனிகோடுக்கு முந்திய பழைய முறை. பிராமியாகவோ வெற்றுக் கட்டமாகவோ நின்றால் முறையான யூனிகோடு. அச்சிட்டு மாட்டும் பலகைக்கு மூன்றுமே வேலை செய்யும். தொடுதிரைக்கும் இணையப் பக்கத்துக்கும் மூன்றாவது மட்டுமே சரி.

அடுத்த சோதனை மகரம். அசோகன் பிராமியில் ம என்பது ஒரு வட்டமும் அதன் மேல் இரண்டு கொம்பும். தமிழ் பிராமியில் அது மேலே திறந்த கிண்ண வடிவம், நடுவே ஒரு குறுக்குக் கோடு. Noto Sans Brahmi ஃபாண்டில் இயல்பாக வருவது முதல் வகை. எளிதில் கிடைப்பதால் பலரும் அதையே எடுக்கிறார்கள், விளைவாக அரிக்கமேட்டுப் பலகையில் வடநாட்டு மகரம் வந்து நிற்கும். தமிழ் பிராமிக்கென்றே வரையப்பட்ட Adinatha Tamil Brahmi போன்ற ஃபாண்டைத் தேடிப் பயன்படுத்துங்கள். எதை எடுத்தாலும் ம, ழ, ள, ற, ன ஆகிய ஐந்தையும் அடித்து, நம்பகமான எழுத்து அட்டவணை ஒன்றோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ழ, ற, ன மூன்றும் 2010 முதல் யூனிகோடில் இருக்கின்றன. தமிழ் பிராமிக்குரிய ள, புள்ளி, குறில் எ, ஒ ஆகியவை 2021-இல்தான் வந்தன. அதற்கு முந்திய பதிப்பு ஃபாண்டில் அந்த இடங்கள் கட்டமாகத் தெரியும்.

எழுத்துக்கூட்டு இங்கேயும் விடாது. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டில் 'அதியன்' என்ற சொல் வருகிறது, தென்பெண்ணைக் கரை வழியே நம் கடலூருக்கு உறவான ஊர் என்பதால் அதையே எடுக்கிறேன். புள்ளியில்லாமல் எழுதினால் குறியீடுகள் இவை:

```
U+11005  U+11022  U+1103A  U+1102C  U+11037
அ        த        ி        ய        ன
```

புள்ளி வேண்டுமென்றால் கடைசியில் U+11070 சேர்க்க வேண்டும். வேண்டுமா என்பதுதான் கேள்வி. புள்ளி பிற்பட்ட தமிழ் பிராமியில்தான் தென்படுகிறது. ஐராவதம் மகாதேவன் காட்டியபடி, மாங்குளம் போன்ற மிகப் பழைய கல்வெட்டுகளில் முறையே வேறு: வெற்று எழுத்து மெய்யைக் குறிக்கும், பக்கக் கோடு போட்டால் அது அகரமாகவோ ஆகாரமாகவோ படிக்கப்படும். அடுத்த முறையில் வெற்று எழுத்தே மெய்யாகவும் அகரமாகவும் நிற்கும், கோடு ஆகாரத்துக்கு மட்டும். அட்டவணை போடுகிறவர்கள் மூன்று முறைகளையும் கலந்துவிடுகிறார்கள். பிள்ளைகளின் பகுதிக்குப் புள்ளியுள்ள முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள், பெயர்களைக் குழப்பமின்றி எழுதலாம். 'இது தமிழ் பிராமியின் பிற்கால முறை' என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்து ஓர் ஓட்டின் காலத்தைத் துல்லியமாகச் சொல்வது அறிஞர்களிடையே இன்றும் ஒத்துவராத செய்தி. பலகையில் ஒற்றை ஆண்டைப் போடாமல் நூற்றாண்டு அளவில் நிறுத்துங்கள்.

அச்சகத்தில் பிராமி உடைந்து வரும் வாய்ப்பு அதிகம். பழைய கோரல்டிரா, பேஜ்மேக்கர் போன்றவை இந்தக் குறியீட்டு எண்களைக் கையாளா. 'தி'யில் உள்ள இகரக் குறி தகரத்தோடு ஒட்டாமல், புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் மேல் தனியே நின்றால் உடைந்துவிட்டது என்று பொருள். எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் அந்த வட்டத்தை எழுத்தின் அலங்காரம் என்று நினைத்து அப்படியே ஃபிளெக்ஸில் அடித்துக் கொடுத்தார்கள். லிப்ரேஆபீஸிலோ இங்க்ஸ்கேப்பிலோ நீங்களே தட்டச்சு செய்து, எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்தால் அச்சகத்தின் மென்பொருளுக்கு அதில் வேலையே இருக்காது.

பழைய எழுத்து தலைப்போடு நிற்கட்டும். விளக்கம் முழுவதும் இன்றைய எழுத்தில், Noto Serif Tamil போல அமைதியான ஒரு ஃபாண்டில் இருக்க வேண்டும். கல்லைக் கொத்தியது போல முனை உடைந்த 'அலங்கார' தமிழ் ஃபாண்டுகள் சில கிடைக்கின்றன. அவை எந்த நூற்றாண்டின் எழுத்தும் அல்ல, நான்கு வரிக்கு மேல் படிக்கவும் முடியாது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படிக்கும் பலகைக்கு விளக்க எழுத்தின் அளவு 28 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம். தமிழில் மேலே கொம்பும் சுழியும், கீழே உகரமும் இருப்பதால் வரி இடைவெளியை ஒன்றரை மடங்காக வையுங்கள். தலைப்பில் வரைந்த ஒவ்வொரு எழுத்தின் நேர்க் கீழே அதன் இன்றைய எழுத்தைச் சிறியதாக வைத்தால், புள்ளியில்லாத வரியைப் பார்வையாளர் தாமே கூட்டிப் படிப்பார்.

மைப்படியை வெளியிட இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள், பதில் வர நாளாகும், இப்போதே எழுதிவிடுங்கள். கோயில் சுவரைப் புகைப்படம் எடுப்பதென்றால் கோயில் நிர்வாகத்தின் அனுமதி தனி. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தின் படக் காப்பகத்தில் தென்னிந்தியக் கோயில் படங்கள் பெருந்தொகையாக இருக்கின்றன, திருவந்திபுரத்துக்கு ஏதேனும் உண்டா என்று நேரில் போய்க் கேட்பது பயன் தரும். ஃபாண்டின் உரிமத்தையும் பாருங்கள். Noto வகை ஃபாண்டுகள் SIL Open Font License என்ற உரிமத்தில் வருகின்றன, அச்சுக்கும் திரைக்கும் கட்டணமில்லை. அச்சகம் கொடுத்த ஃபாண்டில் உரிமக் கோப்பு இல்லையென்றால் அதை யாரிடமிருந்து பெற்றார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.